அரிவாளையும் மண்வெட்டியையும் வாயைப் பார்த்து அறிவது

போன கார்த்திகையில் சந்தையில் ஒரு வெட்டரிவாள் வாங்கினேன். கறுப்புப் பெயிண்ட் அடித்து, வாய் மட்டும் வெள்ளையாகப் பளபளவென்று தீட்டி, நல்ல கனமாக, கைக்கு எடுப்பாக இருந்தது. வேலியோரம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்ததால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனேன். அரைநாள் வெட்டுவதற்குள் அரிவாள் மரத்தில் இறங்காமல் வழுக்க ஆரம்பித்தது. வாயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நடுவில் நாலு விரல் நீளத்துக்கு, பனை ஓலை ஓரத்தை நகத்தால் மடித்ததுபோல, ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது.

வீட்டில் அப்பாவுடைய பழைய அரிவாள் ஒன்று இருக்கிறது. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்டது, ஆனாலும் அது இப்படி ஒருநாளும் மடங்கியதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளித்தோற்றத்தில் புதியதுதான் மேல் என்று யாரும் சொல்வார்கள். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது, காசு கொடுப்பதற்கு முன்னாலேயே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை, எங்கள் ஊர் பட்டறை ஆசாரியிடம் கற்றுக்கொண்டதையும் நானே கையால் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வடிவம். ஒரு கருவியின் தகட்டு வடிவம் அது என்ன வேலைக்கு அடிக்கப்பட்டது என்று சொல்லிவிடும். அந்த வேலை தெரிந்தால்தான் அதன் இரும்பு எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், எங்கே கடினமாக இருக்க வேண்டும் என்று கேட்க முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "நல்ல இரும்பா?" என்று கடைக்காரரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. கதிர் அறுக்க நல்ல பதமாக இருப்பது விறகு வெட்டப் போனால் உடைந்துவிடும்.

கதிர் அறுக்கும் அரிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறை போல நன்றாக வளைந்து, மெல்லிய தகடாக, எடையே தெரியாமல் இருக்கும். உள்வளைவில்தான் வாய். அந்த வாயில் சின்னச் சின்னப் பற்கள் இருந்தால் அது கருக்கரிவாள், தெற்கே பன்னரிவாள் என்பார்கள். பல் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது புல்லறுக்கிற அரிவாள். நெல்லுக்கு ஏன் பல் வைக்கிறார்கள் என்றால், நெல் தாளில் மணலின் சத்தான சிலிக்கா நிறைய இருக்கிறது. வழவழ வாயை அது சீக்கிரம் தேய்த்து மொண்ணையாக்கிவிடும், அப்புறம் தாள் அறுபடாமல் வாய்மேல் வழுக்கும். பல் இருந்தால் கொஞ்சம் மழுங்கினாலும் தாளைக் கவ்விப் பிடித்து, இழுக்க இழுக்க ரம்பம் போல அறுத்துவிடும். அதனால்தான் அந்தப் பற்கள் பிடியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நுனியிலிருந்து பிடிப் பக்கமாக விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வழுக்கும், பிடியிலிருந்து நுனிக்கு ஓட்டினால் தட்டும். (அழுத்தாமல் ஓட்டுங்கள், புதுக் கருக்கு விரலை அறுத்துவிடும்.)

இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கருக்கு ஒரு பக்கம்தான் கொத்தியிருக்கும். தகட்டைத் திருப்பினால் மறுபக்கம் வழவழவென்று இருக்கும். தீட்டும்போது அந்த வழவழப் பக்கத்தைத்தான் தீட்ட வேண்டும், அப்போது பற்களின் கூர் தானாக மேலே வரும். தெரியாமல் கருக்குப் பக்கத்தில் சாணைக்கல்லை வைத்துத் தேய்த்தால் பற்கள் தேய்ந்து அது வெறும் புல்லரிவாளாகிவிடும். ஒருபக்க வாய் என்பதால் வலதுகைக்காரர் அரிவாள் இடதுகைக்காரருக்குச் சரியாக வராது. வீட்டில் இடதுகைக்காரர் இருந்தால் பட்டறையில் சொல்லித் தனியாக அடித்துக்கொள்வதுதான் வழி.

வெட்டரிவாள் இதற்கு நேர்மாறு. முதுகு தடித்திருக்கும், எடை முழுவதும் முன்பக்கம் சேர்ந்திருக்கும், நுனி கிளிமூக்கு போல முன்னால் வளைந்திருக்கும். கையால் அழுத்தி அறுக்கிற கருவி இல்லை இது. ஓங்கிப் போடும்போது முன்பக்க எடைதான் வேலை செய்கிறது. அந்த மூக்கு அழகுக்கு வைத்ததல்ல. கீழே குனிந்து செடியை வெட்டும்போது தரையிலும் கல்லிலும் முதலில் படுவது மூக்குதான், அதனால் வாய் தப்பிக்கிறது. வெட்டிய முள் கிளையைக் கையால் தொடாமல் இழுத்துப் போடவும் அது உதவும். மூக்கே இல்லாமல் நேராக நீண்டு, முதுகும் மெலிந்திருந்தால் அதைத் தோட்ட வேலைக்கு வாங்காதீர்கள்.

மண்வெட்டியில் வடிவம் மண்ணைப் பொறுத்தது. சேற்று வயலில் வரப்பு வெட்டி அணைக்கிற மண்வெட்டி அகலமாக, வாய் மெல்லியதாக இருக்கும், மண்ணை அள்ளி வழித்துப் போட வேண்டுமே. சரளை மண்ணிலும் காய்ந்த செவலையிலும் கொத்துகிற மண்வெட்டி குறுகி, நீண்டு, தடித்திருக்கும். அகலத் தகட்டை எடுத்துக்கொண்டு சரளையில் கொத்தினால் அடியின் வேகம் முழு வாய்க்கும் பரவிவிடும், மண் இறங்காது, ஏதோ ஒரு மூலை கல்லில் பட்டு முறுக்கிக்கொள்ளும். ஆள் பலவீனம் என்று நினைப்போம், காரணம் தகடு.

சரி, இப்போது இரும்புக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலும் ஏமாறுகிறோம்.

இரும்பில் கரி, அதாவது கார்பன், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதுதான் அடிப்படை. கேட்டும் ஜன்னலும் செய்கிற சாதாரணப் பட்டை இரும்பில் கரி 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் வெட்டும் கருவிக்குத் தேவையான கடினம் வராது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரி சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். அதைக் காய்ச்சி முக்கினால் நன்றாகக் கடினமாகும், ஆனால் எளிதில் நொறுங்காது, அடியைத் தாங்கும். அதனால்தான் நம் பட்டறைகளில் வெட்டரிவாளுக்குப் பழைய லாரிப் பட்டையைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அரத்தில் கரி ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும், மிகக் கடினம், கீழே போட்டால் கண்ணாடி போல ஒடியும்.

ஆனால் லாரிப் பட்டை என்று சொல்லிவிட்டதால் மட்டும் அரிவாள் நல்லதாகிவிடாது. கரி இருப்பது பாதி. மீதிப் பாதி தோய்ச்சல். வாயைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கிக் கடினமாக்குவதைத்தான் தோய்ச்சல் என்கிறோம். முக்கியவுடன் வாய் அளவுக்கு மீறிக் கடினமாக, உடையக்கூடியதாக இருக்கும். அதை மறுபடி லேசாகச் சூடாக்கி, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, அடி தாங்கும் தன்மையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் பதம். நல்ல பட்டையில் தோய்ச்சல் போடாமல் விட்டால் வாய் மடங்கும். தோய்ச்சல் போட்டுப் பதம் வைக்காமல் விட்டால் வாய் சில்லு சில்லாகத் தெறிக்கும். மட்ட இரும்பில் என்ன செய்தாலும் மடங்கும். இந்த மூன்றும் வெளியில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

சுருண்டுபோன என் அரிவாளை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். அவர் வாயைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் ஒரு அரத்தை எடுத்து நீட்டினார். "நீங்களே போட்டுப் பாருங்க தம்பி. முதல்ல முதுகுல ஒரு இழுப்பு, அப்புறம் வாயில ஒரு இழுப்பு" என்றார்.

முதுகில் இழுத்தேன், அரம் கடித்துக்கொண்டு இரும்புத் தூள் விழுந்தது. வாயில் இழுத்தேன், அதேமாதிரி கடித்தது, அதே அளவு தூள். "ரெண்டும் ஒண்ணா இருந்தா அது வாயே இல்லை, அதுவும் முதுகுதான்" என்றார்.

அரம் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து எளிய, நம்பகமான சோதனை. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மழுங்காத சின்ன அரம் ஒன்று வேண்டும், ரம்பம் தீட்டுகிற முக்கோண அரம் போதும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பிடியை ஒட்டி வாய் தொடங்குகிற இடத்தில், வேலைக்கு உதவாத அந்த ஓரத்தில், மெதுவாக ஒரு இழுப்பு இழுங்கள். வெண்ணெயில் கத்தி போனதுபோலக் கடித்தால் மென்மை. கண்ணாடியில் தேய்த்ததுபோல ஒரு துளிகூடக் கடிக்காமல் சறுக்கினால் மிகக் கடினம், பதம் வைக்காததாக இருக்கலாம். வெட்டரிவாளுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: அரம் கடிக்கும், ஆனால் தயங்கித் தயங்கிக் கடிக்கும், முதுகைவிட வாயில் தெளிவாகச் சிரமப்படும். கதிர் அரிவாளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சறுக்கலாம், அது கல்லிலும் கட்டையிலும் ஓங்கி அடிபடப் போவதில்லை.

இதில் ஒரு இடறல் இருக்கிறது. உலையில் காய்ந்த இரும்பின் மேல்தோலில் உள்ள கரி கொஞ்சம் எரிந்து போயிருக்கும். அதனால் உள்ளே நல்ல கடினமாக இருக்கிற அரிவாளிலும் முதல் இழுப்பு லேசாகக் கடித்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை இழுங்கள். மேல்தோல் போன பிறகு அரம் சறுக்க ஆரம்பித்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். முதல் இழுப்பை வைத்து நான் ஒரு நல்ல அரிவாளை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்திருக்கிறேன், பிற்பாடு பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதே பட்டறைச் சரக்கை மூன்று வருஷமாக வைத்திருப்பதைப் பார்த்து வருத்தப்பட்டேன்.

அரம் சொல்வது கடினத்தை மட்டும்தான். என் அரிவாள் மென்மை என்று தெரிந்துவிட்டது, ஆனால் இரும்பே மட்டமா, இல்லை நல்ல இரும்பில் தோய்ச்சல் தவறியதா என்று அரத்தால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம். மட்ட இரும்பு என்றால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும், தோய்ச்சல் தவறியது என்றால் காப்பாற்றிவிடலாம்.

அதற்குப் பொறியைப் பார்க்க வேண்டும். ஆசாரி சாணை மிஷினை ஓட்டி, முதலில் கட்டடக் கம்பித் துண்டு ஒன்றைப் பிடித்தார். நீளநீளமாகக் கோடு கோடாகப் பொறி பறந்தது, ஒவ்வொரு கோடும் நேராகப் போய் அப்படியே அணைந்தது, எங்கோ ஒன்றிரண்டு மட்டும் நுனியில் பிளந்தது. அடுத்து உடைந்த அரம் ஒன்றைப் பிடித்தார். கம்பி மத்தாப்பேதான். சக்கரத்தை விட்டு வெளியே வந்ததும் பொறிகள் பூவாகச் சிதறின, கோடுகள் குட்டை, பூக்கள் அடர்த்தி. கரி அதிகமாக அதிகமாக அந்தப் பூ அதிகமாகும். கடைசியில் என் அரிவாளின் முதுகைப் பிடித்தார். கம்பியைவிடக் குட்டையான கோடுகள், ஏறக்குறைய ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு மூன்று கிளை, ஆனால் அரத்தின் அளவுக்கு மத்தாப்பு இல்லை. "பட்டைதான் இது. நல்ல இரும்பைக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றார். நீங்களே செய்து பார்ப்பதென்றால் கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள், வெயிலில் செய்யாதீர்கள், நிழலில்தான் பொறி தெரியும். தெரிந்த இரண்டு இரும்பைப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒற்றைப் பொறியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அன்றைக்கே அதற்குத் தோய்ச்சல் போட்டார். முதலில் சுருண்ட வாயைத் தேய்த்துச் சரியாக்கினார். உலையில் வாய்ப்பக்கத்தை மட்டும் காய்ச்சினார், முதுகு அவ்வளவு சிவக்கவில்லை. ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வாயருகே கொண்டுபோனார். சிவந்த இரும்பு ஒரு சூட்டுக்கு மேல் காந்தத்தில் ஒட்டாது, அது சுமார் 770 டிகிரி. ஒட்டுவது நின்றதும் இன்னும் கொஞ்ச நேரம் காய்ச்சி எடுத்து, வாயை மட்டும் எண்ணெயில் முக்கினார். புகை அடங்கியதும் வெளியே எடுத்து, மணல்கல்லால் வாய்ப்பக்கத்தைக் கொஞ்ச தூரம் தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகில் இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும்போது தேய்த்த இடத்தில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், அதற்குப் பின்னால் நீலம், அலை போல முதுகிலிருந்து வாயை நோக்கி நகர்ந்தது. செம்பழுப்பு வாயின் விளிம்பைத் தொட்டு, கத்தரிப்பூ எட்டிப் பார்க்கிற நேரத்தில் "போதும்" என்று தண்ணீரில் முக்கினார்.

அந்த நிறங்கள்தான் சூட்டுமானி. மஞ்சள் சுமார் 220 டிகிரி, பழுப்பு 250க்குப் பக்கம், கத்தரிப்பூ 280, நீலம் 300. சூடு ஏற ஏறக் கடினம் குறையும், அடி தாங்கும் தன்மை கூடும். கதிர் அரிவாளாக இருந்திருந்தால் மஞ்சளிலேயே நிறுத்தியிருப்பேன், மரம் வெட்டுவதால் பழுப்பைத் தாண்ட விட்டேன் என்றார். மண்வெட்டிக்கு நீலம்வரைகூட விடலாம், அது கல்லில் மோதுகிற சாமான். கருக்கரிவாளுக்கு இன்னொரு சிக்கல்: கருக்கு தேய்ந்த பிறகு புதுசாக வெட்ட வேண்டுமானால், கடினமான வாயில் உளி இறங்காது. காய்ச்சி ஆறவிட்டு இளக்கி, கருக்கு வெட்டி, மறுபடி தோய்ச்சல் போட வேண்டும். கருக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுத் தோய்ச்சலை விட்டுவிடுகிற ஆளிடம் கொடுத்தால் அந்தக் கருக்கு ஒரு வயலைக்கூடத் தாண்டாது.

இந்த நிறங்களைத் தெரிந்துகொண்டதில் எனக்கு இன்னொரு பெரிய லாபம் இருந்தது. கடையில் புது அரிவாளின் தீட்டிய வாயில், வெள்ளைக்கு நடுவே நீலமோ ஊதாவோ திட்டாகத் தெரிந்தால், மிஷினில் வேகமாகத் தீட்டியபோது அந்த இடம் சூடேறிப் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மற்ற இடம் நன்றாக இருந்து அந்தத் திட்டு மட்டும் மடங்கும். வீட்டு அரிவாளைத் தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கும்போதும் இதே கதைதான். பக்கத்திலேயே நில்லுங்கள், இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். வாய் கையால் தொட முடியாத சூட்டுக்குப் போகவே கூடாது. நல்ல அரிவாள்கள் எத்தனையோ வெட்டித் தேயாமல் சாணையில்தான் கெட்டுப் போகின்றன.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தையில் எல்லோரும் செய்கிற சோதனை அதுதான். தகட்டைத் தட்டி "கணீர்னு இருக்கு பாருங்க, எஃகு" என்பார்கள். கணீர் என்ற சத்தம் எஃகு என்பதற்கு அடையாளமே இல்லை. மட்ட இரும்புத் தகடும் கணீர் என்றுதான் ஒலிக்கும், தோய்ச்சல் போட்டதும் போடாததும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சத்தம் சொல்வது வேறொன்றை. தகட்டை விரலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டும்போது சத்தம் நீண்டு இழையாமல் "டொக்" என்று செத்துப்போனால் உள்ளே விரிசல் இருக்கலாம், அல்லது ஆணி அடித்த இணைப்பு தளர்ந்திருக்கலாம். தோய்ச்சலின்போது சில நேரம் வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல விரிசல் ஓடும், பெயிண்ட் அதை மூடிவிடும். அதனால் சத்தத்தை விரிசல் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், எஃகு பார்க்க வேண்டாம். காந்தமும் அப்படித்தான். மட்ட இரும்பிலும் ஒட்டும், லாரிப் பட்டையிலும் ஒட்டும்.

உடைந்த அரிவாள் யாரிடமாவது கிடைத்தால் தூக்கிப் போடுவதற்கு முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். நல்ல தோய்ச்சல் என்றால் அது சாம்பல் நிறத்தில், நெருக்கமாக, மென்மையான பட்டுத்துணி மாதிரி இருக்கும். சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மினுக் மினுக்கென்று பெரிய பெரிய மணியாகத் தெரிந்தால் அதிகச் சூட்டில் காய்ச்சிவிட்டார்கள். உலையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் வருகிற தவறு அது. அதே பட்டறையின் அடுத்த அரிவாளை வாங்கும் முன் ஒருதடவை யோசிக்கலாம்.

இப்போது மண்வெட்டி. இதில் வாய் எவ்வளவு கடினம் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது கழுத்து, அதாவது காம்பு நுழைகிற கண்ணும் தகடும் சேருகிற இடம். நெம்பும்போது வருகிற முழு பாரமும் அங்கேதான் விழுகிறது. காய்ச்சி அடித்து ஒரே இரும்பாக வந்த மண்வெட்டியில் கண்ணிலிருந்து தகடு இயல்பாகப் பிறந்து வருவதுபோல இருக்கும், இடையில் கோடோ தையலோ இருக்காது. சிலவற்றில் கண்ணைத் தனியாகச் செய்து ஆணி அடித்திருப்பார்கள், அது ஒழுங்காக அடித்திருந்தால் ஓரளவு உழைக்கும், தளர்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். நான் ஒதுக்குவது வெல்டு வைத்ததை. கரி கொஞ்சம் கூடுதலாக உள்ள தகட்டில் வெல்டு வைத்தால் அந்தச் சூடு சட்டென்று ஆறும்போது வெல்டை ஒட்டிய தகடு கடினப்பட்டு உடையும் நிலைக்குப் போய்விடும். வெல்டு அப்படியே நிற்கும், அதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளித் தகடு கிழியும். கிழிந்த மண்வெட்டி கிடைத்தால் பாருங்கள், கிழிசல் வெல்டின் ஓரத்தை ஒட்டியே ஓடியிருக்கும். வெல்டு கிழியாமல் நிற்கிறது என்றால் பலநேரம் தகடே கரி இல்லாத மட்ட இரும்பு, அது வாயில் சீக்கிரம் தேயும். இரண்டு வகையிலும் நஷ்டம்.

அடுத்து, தகட்டின் தடிமனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கழுத்திலிருந்து வாய்வரை ஓட்டிக்கொண்டு வாருங்கள். அடித்துச் செய்ததென்றால் கழுத்தில் தடித்து, வாயை நோக்கி வர வர மெலியும், விரலுக்கே தெரியும். தகட்டை வெட்டி மடித்ததென்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன், வாயில் மட்டும் சரிவாகத் தீட்டியிருக்கும். ஒரே தடிமனாக இருப்பதில் கழுத்துக்குத் தேவையான பலமும் இருக்காது, வாய்க்குத் தேவையான மெல்லிசும் இருக்காது, அந்தச் சரிவு தேய்ந்ததும் மண்ணில் இறங்க மறுக்கும்.

பழைய மண்வெட்டிகளில் வாயில் மட்டும் உருக்கு வைத்து அடித்திருப்பார்கள். உடம்பு மென்மையான இரும்பு, வாயில் ஒரு பட்டை எஃகு, இரண்டையும் உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. தேய்த்துத் துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி நிறம் மாறுகிற ஒரு கோடு மங்கலாகத் தெரியும். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் விற்றுவிடாதீர்கள். அந்தக் கோடுவரை தேய்ந்துவிட்டாலும், புதுசாக உருக்கு வைத்து அடிக்கத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் இன்னொரு ஆயுசு கிடைக்கும்.

மண்வெட்டி வாயின் தேய்மானமும் பேசும். பக்கத்து வயல்காரர்கள் வைத்திருக்கும் பழைய மண்வெட்டிகளைப் பாருங்கள். இரண்டு மூலையும் உருண்டு நடு மட்டும் நாக்கு போல நீண்டிருந்தால் அது சாதாரணத் தேய்மானம், மூலைகள்தான் முதலில் மண்ணில் உரசும். வாய் அலை அலையாக வளைந்திருந்தால் மென்மை, கல்லில் பட்ட இடமெல்லாம் மடங்கி மடங்கி நிமிர்த்தியிருக்கிறார்கள். வாயில் பிறை பிறையாகத் துண்டு போயிருந்தால் கடினம் கூடிவிட்டது. "எங்க வாங்குனீங்க அண்ணே?" என்று கேட்பதற்கு முன் அந்த வாயைப் பார்த்துவிடுவது நல்லது.

புது வெட்டரிவாளை வாங்கி வந்தவுடன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், திருப்பிக் கொடுக்கிற வாய்ப்பு இருக்கும்போதே. நன்றாகக் காய்ந்த தென்னை மட்டையின் அடிப்பகுதியில் ஏழெட்டு வெட்டு, முறுக்காமல் நேராகப் போடுங்கள். அப்புறம் வாயை வெளிச்சத்துக்கு நேராக, விளிம்பு உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடியுங்கள். கூரான வாயில் வெளிச்சம் திரும்பாது, ஒரு கறுப்புக் கோடு மட்டும் தெரியும். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மடங்கியிருக்கிறது அல்லது தெறித்திருக்கிறது. நகத்தை வாய்க்குக் குறுக்காக, இரண்டு பக்கமும் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக இழுத்தால், மடங்கியிருந்தால் ஒரு பக்கம் நகம் தட்டும், தெறித்திருந்தால் இரண்டு பக்கமும் தட்டாது, பள்ளம்தான் தெரியும். மடங்கியது என்றால் ஆசாரியிடம் போகலாம். லேசாகத் தெறித்தது என்றாலும் போகலாம், கொஞ்சம் சூடு காட்டிப் பதத்தை இறக்கினால் சரியாகும். விரிசல் என்றால் போகக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஓங்கும்போது துண்டு பறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

பிடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அரிவாளின் வாலைப் பிடிக்குள் இறக்கும்போது சூடாக்கி அரக்கு வைத்து இறக்குவார்கள். அந்தச் சூடு கழுத்தைத் தாண்டித் தகட்டுக்குப் போயிருந்தால் பிடியை ஒட்டிய பகுதியில் நீலம் ஏறியிருக்கும். பிடி மாற்றிய பழைய அரிவாள் வாங்குகிறவர்கள் அந்த இடத்திலும் ஒருமுறை அரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

என் அரிவாளுக்கு ஆசாரி 150 ரூபாய் வாங்கினார். மறுநாள் அதே வேலியில், அதே சீமைக்கருவேலில் மீதி இருந்ததை வெட்டி முடித்தேன். சாயங்காலம் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மூக்குக்குப் பக்கத்தில், கல்லில் பட்ட இடத்தில், கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தது. சாணைக்கல்லில் பத்து இழுப்பில் அது போய்விட்டது.